போன்லெஸ் போட்டா மட்டும் கறி சக்கையா போகுது, எலும்புக்கறிக்கு வைக்கிற அதே 25 நிமிஷம்தான் வெச்சேன்

அஸ்தம்பட்டி அடுப்படி | 15 ஜூன் 2025, இரவு 9.10

இருபது வருஷமா எலும்போட கோழிக்குழம்பு வைக்கிறேன், வீட்டுல ஒருத்தரும் ஒரு குறை சொன்னதில்ல. பொண்ணுக்கு பல்லுல கம்பி போட்டதுல இருந்து எலும்பு கடிக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க, அதனால ரெண்டு மாசமா போன்லெஸ்தான் வாங்கறேன். அதே சின்ன வெங்காயம், அதே வறுத்து அரைச்ச மசாலா, அதே இரும்புச் சட்டி. மசாலா வதங்கினதும் கறியைப் போட்டு பிரட்டி, தண்ணி ஊத்தி மூடி 25 நிமிஷம், எண்ணெய் மேல வர்ற வரைக்கும்.

குழம்பு வாசமா இருக்கு, கறி மட்டும் சக்கை. வேகலையோன்னு நினைச்சு இன்னும் 10 நிமிஷம் வெச்சேன், இன்னும் மோசமாயிடுச்சு. இதுல எனக்குப் புரியாதது என்னன்னா ஒரே சட்டியில சில துண்டு பஞ்சு மாதிரி இருக்கு, சில துண்டு நார் நாரா பிரியுது. கடையில பழைய கறியைக் கலந்து கொடுத்துட்டாங்களா? இல்ல என் கைப்பக்குவத்துல ஏதாவதா?

விசில் அஞ்சு | 15 ஜூன், 9.32

குக்கர்ல போடுங்க. நாட்டுக்கோழின்னா 5 விசில், அப்புறம் பத்து நிமிஷம் சிம். எங்க ஆத்தூர் பக்கம் எல்லாம் அப்படித்தான். கறி பூவா வெந்துடும்.

அஸ்தம்பட்டி அடுப்படி | 15 ஜூன், 9.40

நாட்டுக்கோழி இல்லைங்க, பிராய்லர் போன்லெஸ். நாட்டுக்கோழின்னா நானும் குக்கர்தான்.

கொண்டலாம்பட்டி கரண்டி | 15 ஜூன், 10.05

இதுல ரெண்டு விஷயம். ஒண்ணு, எலும்பு இருந்தா அது வழியா சூடு உள்ள சீக்கிரம் இறங்கும், கம்பியை நெருப்புல காட்டின மாதிரி. எலும்பு இல்லேன்னா சூடு மெதுவாத்தான் போகும், அதனால போன்லெஸ்ஸுக்கு நேரம் கூட வேணும். ரெண்டு, நீங்க மசாலாவோட பிரட்டறீங்க பாருங்க, அது தப்பு. முதல்ல எண்ணெய்ல ஹை ஃபிளேம்ல கறியை மட்டும் சுருக்குன்னு வதக்கி எடுத்தா மேல்பக்கம் மூடிக்கும், சாறு வெளிய வராது. அப்புறம் எவ்வளவு நேரம் கொதிச்சாலும் சாஃப்டா இருக்கும்.

மெஸ் மாஸ்டர் | 16 ஜூன், காலை 6.15

பதினெட்டு வருஷமா மெஸ் அடுப்புல நிக்கிறேன், தினமும் எலும்போட ஒரு குழம்பு, போன்லெஸ்ல ஒரு கிரேவி. கரண்டி தம்பி சொன்னதுல பாதி சரி, பாதி தலைகீழ்.

எலும்பு கம்பி மாதிரி சூட்டைக் கடத்தாதுங்க. பிராய்லர் வந்து அஞ்சாறு வாரத்துக் குஞ்சு, அதோட எலும்பு உள்ள ஓட்டை ஓட்டையா ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கும். எலும்பை ஒட்டின சதைதான் கடைசியா வேகும், நீங்க வேணா லெக் பீஸைப் பாதி வேக்காட்டுல எடுத்துப் பிளந்து பாருங்க, வெளிய வெந்திருக்கும், எலும்புகிட்ட பச்சையா இருக்கும். அதனாலதான் எலும்புக்கறிக்கு 20, 25 நிமிஷம். முழு லெக் பீஸ்னா அரை மணி. ஆனா எலும்பைப் பிடிச்சிட்டு இருக்கற சதை அவ்வளவா சுருங்காது, ஈரம் நிக்கும், தம்பி சொன்னதுல இந்த எலும்பு நல்லதுங்கற பாதி நிஜம்.

வதக்கினா சாறு பூட்டிக்கும்ங்கறது இல்ல. வதக்கின கறியை ஒரு தட்டுல எடுத்து வெச்சுட்டு பத்து நிமிஷம் கழிச்சு பாருங்க, தட்டுல தண்ணி நிக்கும். பூட்டியிருந்தா அது எங்க இருந்து வந்துச்சு? வதக்கறது ருசிக்கு, அதுக்காக நானும் வதக்குவேன், அவ்வளவுதான்.

அக்கா, உங்க கேள்விக்கு வர்றேன். கடைக்காரர் பழசு கலக்கலை. போன்லெஸ்னு கேட்டா நெஞ்சும் தொடையும் கலந்துதான் போடுவாங்க. 25 நிமிஷத்துல பஞ்சு மாதிரி இருந்தது தொடை, நார் நாரா பிரிஞ்சது நெஞ்சு. அது ரெண்டும் ஒரே கோழிதான், ஆனா அடுப்புக்கு ரெண்டு வேற வேற கறி.

அஸ்தம்பட்டி அடுப்படி | 16 ஜூன், காலை 7.02

இதை யாராவது எனக்கு ரெண்டு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக்கூடாதா. இன்னைக்கு ஃபிரிட்ஜ்ல மிச்சம் இருந்த குழம்புல ஒவ்வொரு துண்டா எடுத்துப் பிரிச்சுப் பார்த்தேன். கொஞ்சம் கருத்த நிறத்துல, நடுவுல கொழுப்புக் கோடு ஓடற துண்டு எல்லாம் நல்லா இருக்கு. வெள்ளையா ஒரே பக்கமா நார் ஓடறது எல்லாம் சக்கை. மாஸ்டர் சொன்னது கணக்கா பொருந்துது.

அப்போ எத்தனை நிமிஷம்தான் வைக்கணும்?

மெஸ் மாஸ்டர் | 16 ஜூன், மதியம் 3.20

மதிய வேலை முடிஞ்சு வந்தேன். எங்க கணக்கைச் சொல்றேன், துண்டு ஒரு அங்குலத்துக்கு மேல ஒன்றேகால் அங்குலம் வரைக்கும் இருக்கறதா வெச்சுக்கோங்க. நெஞ்சு, குழம்பு லேசா குமிழ் விட்டுட்டு இருக்கும்போது போட்டா 6ல இருந்து 8 நிமிஷம், அதுலயும் கடைசி ரெண்டு நிமிஷம் அடுப்பை அணைச்சிட்டே ஓட்டலாம். தொடை 12ல இருந்து 15, இருபது போனாலும் கெடாது.

ஏன்னு கேட்டா, நெஞ்சுல கொழுப்பும் கம்மி, சவ்வும் கம்மி. உள்ள சூடு ஏறினதும் நார் சுருங்கி, ஈரத்துணியை முறுக்கின மாதிரி தண்ணியை வெளிய தள்ளும். அந்தத் தண்ணி திரும்ப உள்ள போகாது. குழம்புக்குள்ளேயே கிடக்குதே, ஊறாதான்னு கேட்பாங்க, ஊறாது. தொடை நடக்கற கால், அதுல சவ்வு நிறைய. அந்தச் சவ்வு சூட்டுல நேரம் கொடுத்தா கரைஞ்சு கொழகொழன்னு ஆகி நாருக்கு நடுவுல நிக்கும், அதுதான் வாயில பஞ்சு மாதிரி தெரியுது. நேரம் கொடுக்கலேன்னா வெந்த தொடையே ரப்பர் மாதிரி இழுக்கும்.

இதைத்தான் கவனிக்கணும். நெஞ்சு கெட்டியா இருந்தா வேக்காடு தாண்டிடுச்சுன்னு அர்த்தம், தொடை கெட்டியா இருந்தா வேக்காடு பத்தலைன்னு அர்த்தம். வாயில ரெண்டும் ஒரே மாதிரி "கெட்டி"ன்னுதான் தெரியும். நீங்க அன்னைக்கு இன்னொரு 10 நிமிஷம் வெச்சது தொடைக்குப் பண்ண வேண்டிய வைத்தியம்.

சூரமங்கலம் சாப்பாட்டுக்காரன் | 16 ஜூன், இரவு 8.45

எங்க அப்பாவுக்கு 78 வயசு, பல் செட். போன்லெஸ் வாங்கிக் கொடுத்தா மென்னு மென்னு துப்பிடுவார், நல்லா வேக வைடாம்பார். நான் அரை மணி நேரம் வேக வெச்சேன், அதையும் துப்பிட்டார். இதைப் படிச்சப்புறம் புரியுது, நான் வாங்கினது பூரா நெஞ்சு. கொழுப்பு இல்லாதது உடம்புக்கு நல்லதுன்னு கேட்டே வாங்கிட்டு வந்தேன். இனி தொடை மட்டும் வாங்கி அரை மணி வைக்கலாமா மாஸ்டர்?

மெஸ் மாஸ்டர் | 16 ஜூன், 10.30

வைக்கலாம். தொடையை 25, 30 நிமிஷம் சின்னத் தீயில விட்டா கரண்டி பட்டா பிட்டு வரும், ஈறாலயே சாப்பிடுவார். ஆனா கிளறிக்கிட்டே இருக்காதீங்க, தூளாயிடும். சட்டியைப் பிடிச்சு ஒரு ஆட்டு ஆட்டுங்க, போதும்.

அஸ்தம்பட்டி அடுப்படி | 22 ஜூன், மதியம் 2.50

இன்னைக்கு ஞாயிறு, பிரிச்சு வெச்சுப் பார்த்துட்டேன். கறிக்கடையில "தொடை 600, நெஞ்சு 400, தனித்தனி கவர்ல, கூட அந்த எலும்புக்கூடு, கழுத்து எல்லாம் போடுங்க"ன்னு கேட்டேன். எலும்பை எதுக்குன்னா, போன்லெஸ் வாங்க ஆரம்பிச்சதுல இருந்து குழம்பு ஒரு மாதிரி வெறிச்சுன்னு இருக்கறதா வீட்டுக்காரர் சொல்லிட்டே இருந்தார். எலும்புலயும் மூட்டுலயும் இருந்து இறங்கற அந்த வழவழப்பு இல்லாமத்தான் அப்படி இருக்குதுன்னு எனக்கே தோணுச்சு.

எலும்பை முக்கால் லிட்டர் தண்ணியில மஞ்சள், நாலு சின்ன வெங்காயம் போட்டு 40 நிமிஷம் தனியா வேக வெச்சு வடிகட்டிட்டேன். கறியில உப்பு ரெண்டு டீஸ்பூன், மஞ்சள் போட்டுப் பிசைஞ்சு முக்கால் மணி நேரம் வெச்சேன், தொடை தனி, நெஞ்சு தனி.

அப்புறம்தான் என் பழைய பழக்கத்தை மாத்த வேண்டியிருந்துச்சு. எலும்புக்கறின்னா கறி வேகற 25 நிமிஷத்துலயே மசாலாவும் பச்சை வாசனை போயி எண்ணெய் பிரிஞ்சிடும், ரெண்டும் ஒண்ணா ஓடும். இதுல கறிக்கு அவ்வளவு நேரமே கிடையாது. அதனால கறியே இல்லாம குழம்பை முடிச்சேன். வெங்காயம், தக்காளி வதக்கி, வரமிளகாய், மல்லி, சோம்பு, மிளகு வறுத்து அரைச்சது போட்டு, எலும்புத் தண்ணி ஊத்தி, தேங்காய் அரைச்சு விட்டு, 20 நிமிஷம் கொதிக்க விட்டு, எண்ணெய் மேல நின்னு, ருசி பார்த்து, இப்ப அப்படியே சாதத்துல ஊத்தி சாப்பிடலாம்ங்கற நிலையில தொடையைப் போட்டேன். 8 நிமிஷம் கழிச்சு நெஞ்சு. இன்னும் 6 நிமிஷம், அணைச்சு மூடிட்டேன்.

தொடை அருமை. நெஞ்சு முன்னாடிக்கு எவ்வளவோ மேல், ஆனா சாப்பிட உட்காரும்போது கொஞ்சம் இறுகித்தான் இருந்துச்சு. அடுப்பை அணைக்கும்போது ஒண்ணு எடுத்து வெட்டிப் பார்த்தேன், அப்போ நல்லாத்தான் இருந்தது. நடுவுல என்ன ஆச்சு?

மெஸ் மாஸ்டர் | 22 ஜூன், மாலை 4.10

இரும்புச் சட்டின்னு சொன்னீங்களே. அணைச்ச பிறகும் சட்டிக்குள்ள கொதிப்பு நிக்காது, மண்சட்டியும் அப்படித்தான், பத்து நிமிஷம் தளதளன்னுதான் இருக்கும். நீங்க எண்ணின 6 நிமிஷம் அங்க 12 நிமிஷம். அடுத்த தடவை நாலு நிமிஷத்துல அணைச்சு மூடுங்க, பத்து நிமிஷம் திறக்காதீங்க.

வெட்டிப் பார்க்கறதுக்கு அடையாளம் சொல்றேன். நடுவுல கண்ணாடி மாதிரி ரோஸ் கலர்ல இருந்தா இன்னும் வேணும். வெள்ளையா, வெட்டின இடத்துல ஈரம் பளபளன்னு இருந்தா சரி. வெள்ளையா இருந்து ஈரமே இல்லாம நார் தனித்தனியா தெரிஞ்சா தாண்டிடுச்சு. அணைக்கும்போது நடுப்புள்ளியில ஒரு மணி அளவுக்கு ரோஸ் இருக்கற பதத்துல நான் அணைப்பேன், கனமான சட்டியில மட்டும். மூடித் திறந்ததும் ஒண்ணை வெட்டி உறுதிப்படுத்திக்கிட்டுத்தான் பரிமாறுவேன்.

கொண்டலாம்பட்டி கரண்டி | 22 ஜூன், 6.00

இது ஆபத்து மாஸ்டர். வீட்டுல எல்லாரும் உங்களை மாதிரி பார்ப்பாங்களா? கோழி பச்சையா உள்ள போனா வயித்துக்குக் கெடுதல். சிவப்பு தெரிஞ்சாலே இன்னும் கொதிக்கணும்னுதான் எங்க வீட்டுல.

மெஸ் மாஸ்டர் | 22 ஜூன், 9.55

பயம் நியாயம்தான் தம்பி. அதனாலதான் கனமான சட்டின்னு அழுத்திச் சொன்னேன். மெல்லிசு அலுமினியக் குண்டாவுல இதைப் பண்ணக்கூடாது, அணைச்ச அஞ்சு நிமிஷத்துல ஆறிடும், நடு வேகாமலே நிக்கும்.

ஆனா "சிவப்பு தெரிஞ்சாலே"ங்கறது எலும்புக்கறிக்கு ஒத்து வராது. பிராய்லர் எலும்பு இளசு, உள்ள இருக்கற மஜ்ஜையில இருந்து ரத்த நிறம் கசிஞ்சு எலும்பைச் சுத்தி நிக்கும், கறி முழுசா வெந்த பிறகும் நிக்கும். அதைப் பார்த்துட்டு கொதிக்க விட்டுக்கிட்டே இருந்தா அந்த நெஞ்சுத் துண்டு செத்துடும். எலும்புக்கறிக்கு நிறத்தை நம்பாதீங்க, மூட்டு அசைச்சா கழண்டு வருதா, கத்தி குத்தின இடத்துல வர்ற சாறு தெளிவா இருக்கா, அதைப் பாருங்க. போன்லெஸ்ல அந்த மஜ்ஜை குழப்பம் இல்ல, நடுவுல ரோஸ்னா வேகலைன்னே வெச்சுக்கலாம்.

மலைமிளகு | 23 ஜூன், காலை 5.50

ஏற்காட்டுல இருந்து. ஒரு வாரமா படிச்சிட்டு வர்றேன், மாஸ்டர் கணக்கு எல்லாம் கீழ இருக்கறவங்களுக்கு. இங்க கடல் மட்டத்துல இருந்து 1,500 மீட்டர், தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சிடும். சேலத்துல கிட்டத்தட்ட 99. நான் காபி வறுக்கறதுக்காக ஒரு குத்துற தெர்மாமீட்டர் வெச்சிருக்கேன், அதை வெச்சே பார்த்திருக்கேன்.

புதுசா வர்றவங்க எல்லாம் சொல்றது, "மலையில எதுவும் வேகறதில்ல." பருப்பு, கொண்டைக்கடலை, நாட்டுக்கோழி இதுக்கெல்லாம் அது உண்மைதான், தளதளன்னு கொதிக்கறது கண்ணுக்குத் தெரியும், ஆனா சூடு கம்மி. அதனால போன்லெஸ்ஸுக்கும் பத்து நிமிஷம் கூட வைக்கறாங்க, அங்கதான் தப்பு. நெஞ்சுக்கறி நடுவுல 74 டிகிரி வந்தாலே வெந்தது, சாப்பிடலாம். 95 டிகிரி குழம்புக்கு 74 ஒண்ணும் தூரம் இல்ல. நெஞ்சுக்கு இங்க நான் ஒரு நிமிஷம் கூட கொடுக்கறேன், அவ்வளவுதான். தொடைக்கும் எலும்புக்கறிக்கும்தான் மலை கணக்குல வரும், சவ்வு கரையற வேலை சூடு குறைஞ்சா மெதுவாகும்.

இன்னொண்ணு, கொதிக்க விடாதீங்க. குமிழ் ஒண்ணொண்ணா ஓரத்துல வரணும். தெர்மாமீட்டர்ல 88, 90ல நிக்கும். அதுல நெஞ்சுக்கறிக்கு ஒரு நிமிஷம் முன்னபின்ன ஆனாலும் மன்னிச்சு விட்டுடும். தளதளன்னு கொதிக்கற குழம்புல அந்த ஒரு நிமிஷமே பெரிசு.

விசில் அஞ்சு | 23 ஜூன், 7.15

இவ்வளவு பாடா ஒரு கறிக்கு? தெர்மாமீட்டர் வெச்சு சமைக்கறது எல்லாம் லேப்ல. எங்க அம்மா கையை நீட்டி ஆவியைப் பார்த்தே சொல்லிடுவாங்க.

மலைமிளகு | 23 ஜூன், 7.40

உங்க அம்மாவுக்கு நாப்பது வருஷத்துப் பழக்கம், எலும்போட கோழியில. எங்க அம்மாவும் அப்படித்தான். போன்லெஸ் அவங்க காலத்துல குழம்புக்கு வந்ததே இல்ல, அதனால அந்தக் கை இதுக்குப் பழகலை. தெர்மாமீட்டர் ஒரு மாசம் வெச்சுப் பழகிட்டு அப்புறம் டிராயர்ல போட்டுடலாம்.

அஸ்தம்பட்டி அடுப்படி | 29 ஜூன், மதியம் 3.05

நாலு நிமிஷத்துல அணைச்சேன். பத்து நிமிஷம் மூடி. நெஞ்சுத் துண்டை விரல்ல அழுத்தினா உள்ள போயி மெதுவா திரும்பி வருது, வெட்டினா பளபளன்னு ஈரம். பொண்ணு முதல் தடவையா நெஞ்சுத் துண்டைத் தேடி எடுத்துச் சாப்பிட்டா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு, ரெண்டு மாசமா அவ குழம்பை மட்டும் ஊத்திக்கிட்டு கறியை ஒதுக்கி வெச்சிட்டிருந்தா.

ஆனா ராத்திரிக்கு அதே குழம்பைச் சூடு பண்ணினேன், நெஞ்சு மறுபடியும் சக்கை. இதுக்கு என்ன வழி?

சூரமங்கலம் சாப்பாட்டுக்காரன் | 29 ஜூன், 5.30

தொடை மட்டும் போடுங்க, வழி அதுதான். எங்க அப்பா ரெண்டு வாரமா ஒரு துண்டு கூட துப்பலை. மறுநாள் சூடு பண்ணினா இன்னும் நல்லா இருக்குங்கறார்.

மெஸ் மாஸ்டர் | 29 ஜூன், 10.40

சூரமங்கலத்தார் சொல்றது சுலபமான வழி. நெஞ்சு வேணும்னா, ராத்திரிக்கு வேணும்ங்கற நெஞ்சைச் சமைக்காமலே வெச்சுடுங்க. உப்பு போட்டுப் பிசைஞ்சு ஃபிரிட்ஜ்ல இருக்கட்டும். ராத்திரி குழம்பைக் கொதிக்க வெச்சு, தீயைக் குறைச்சு, நெஞ்சைப் போட்டா ஆறேழு நிமிஷம். மெஸ்ல நாங்க கிரேவியைக் காலையில முடிச்சுடுவோம், நெஞ்சுக்கறி ஆர்டர் வந்த பிறகுதான் இறங்கும். ஏற்கெனவே வெந்ததுன்னா கறியைத் தனியா அள்ளி வெச்சிட்டு குழம்பை மட்டும் நல்லா கொதிக்க விட்டு, கறியைப் போட்டு ஒரு கொதி, சூடு முழுசா ஏறினதும் இறக்கிடுங்க. முதல் நாள் மாதிரி வராது, சக்கையும் ஆகாது.

கொண்டலாம்பட்டி கரண்டி | 2 ஜூலை, இரவு 8.20

நான் ஒத்துக்கறேன், எலும்பு கம்பி மாதிரின்னு சொன்னது தப்பு. ஞாயித்துக்கிழமை லெக் பீஸை 12 நிமிஷத்துல எடுத்துப் பிளந்து பார்த்தேன், மாஸ்டர் சொன்ன மாதிரியே எலும்புகிட்ட பச்சை.

ஆனா நெஞ்சைத் தயிர்ல ஊற வெச்சா மெத்துன்னு வரும்ங்கறதை மட்டும் நான் விடமாட்டேன். ஒரு மணி நேரம் தயிர்ல ஊற வெச்ச நெஞ்சும், வெறும் உப்புல வெச்ச நெஞ்சும் ஒரே குழம்புல போட்டேன், தயிர்ல ஊறினது மெத்துன்னு இருந்துச்சு.

மெஸ் மாஸ்டர் | 2 ஜூலை, 10.50

தயிர் கெடுதல்னு நான் சொல்லலை. அதுல உப்பு போட்டீங்களா இல்லையா? உப்பு போட்டிருந்தா வேலை பாதி உப்போடது, நாரைக் கொஞ்சம் தளர்த்தி தண்ணியைப் பிடிச்சு வைக்கும். எலுமிச்சை பிழிஞ்சு ராத்திரி பூரா வைக்கறவங்களைத்தான் வேண்டாம்பேன், மேல்பக்கம் மாவு மாதிரி ஆயிடும். நம்ம ஊர் தேங்காய்க் குழம்புக்குத் தயிர் புளிப்பு எனக்குப் பிடிக்கறதில்ல, அது என் நாக்கு.

கொண்டலாம்பட்டி கரண்டி | 3 ஜூலை, 6.30

உப்பு போட்டுத்தான் ஊற வெச்சேன். ஆனா ரெண்டுலயும் ஒரே உப்புதான். அப்படின்னா வித்தியாசம் தயிராலதானே?

மலைமிளகு | 3 ஜூலை, 6.55

துண்டு ரெண்டும் ஒரே அளவா? நெஞ்சோட முனைப்பக்கம் மெல்லிசு, நடுப்பக்கம் கனம். முனைத் துண்டு நாலு நிமிஷத்துல முடிஞ்சிடும், நடுத்துண்டுக்கு ஏழு. நான் முனையைப் பெரிசாவும் நடுவைச் சின்னதாவும் வெட்டறேன், நாருக்குக் குறுக்க. நீளவாக்குல வெட்டினா வாயில நாரா இழுக்கும், வேக்காடு சரியா இருந்தாலும்.

அஸ்தம்பட்டி அடுப்படி | 27 ஜூலை, இரவு 9.00

ஆடி 18க்கு ஏற்காட்டுல நாத்தனார் வீட்டுல எல்லாரும் கூடறோம், 14 பேரு. குழம்பு என் பொறுப்பு. மூணு கிலோ போன்லெஸ், தொடை ரெண்டு, நெஞ்சு ஒண்ணு. மூணு மடங்கு கறின்னா மூணு மடங்கு நேரமா? மலைக்கும் சேர்த்துச் சொல்லுங்க மலைமிளகு, மாஸ்டரும்.

மெஸ் மாஸ்டர் | 27 ஜூலை, 11.05

நேரம் மூணு மடங்கு இல்ல. துண்டோட கனம் அதேதான், அதனால வேக்காட்டு நேரமும் அதேதான். ஆனா ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த ஒரு கிலோ நெஞ்சைக் கொட்டினா குழம்போட சூடு படார்னு இறங்கும், குமிழ் நிக்கும். போட்டதும் கடிகாரம் பார்க்காதீங்க. தீயைக் கூட்டி, ஓரத்துல குமிழ் திரும்ப வந்த பிறகு எண்ண ஆரம்பிங்க. பிராய்லர் எலும்புக்கறி பெரிய அண்டாவுல வைக்கும்போதும் இதேதான், அங்க ரெண்டு மூணு நிமிஷம் பிசகினா தெரியாது, நெஞ்சுல தெரிஞ்சிடும்.

மலைமிளகு | 28 ஜூலை, 5.45

எலும்புத் தண்ணியைக் கீழயே வெச்சு எடுத்துட்டு வராதீங்க, 20 கொண்டை ஊசி வளைவுல கொட்டிடும். இங்க குக்கர்ல வைங்க, திறந்த பாத்திரத்துல 95 டிகிரியில எலும்பு இறங்க ரொம்ப நேரம் இழுக்கும். தெர்மாமீட்டர் வேணும்னா பஸ் ஸ்டாண்டுகிட்ட வந்து வாங்கிக்கோங்க, நான் தர்றேன்.

அஸ்தம்பட்டி அடுப்படி | 4 ஆகஸ்ட், இரவு 8.15

முடிஞ்சுது. தெர்மாமீட்டர் கொடுத்ததுக்கு நன்றி மலைமிளகு, உங்க தோட்டத்து மிளகுதான் குழம்புக்குப் போட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதறேன். குழம்பு தயாரானதும் தொடையைப் போட்டு, குமிழ் வந்ததுல இருந்து எண்ணினேன். சேலத்துல மொத்தம் 13 நிமிஷத்துல பதமா இருந்த தொடை, அங்க 13வது நிமிஷத்துல எடுத்துக் கடிச்சா வெந்திருந்தது, ஆனா பல்லுல இழுத்துச்சு. பழைய நானா இருந்தா பயந்திருப்பேன். தொடை இழுத்தா நேரம் வேணும்னு இப்ப தெரியுமே, அப்படியே விட்டுட்டேன், 18ல மெத்துன்னு ஆச்சு.

அப்புறம் நெஞ்சு. போடறதுக்கு முன்னாடி குழம்பு 93 காட்டுச்சு, ஒரு கிலோவையும் கொட்டிப் பிரட்டினதும் 82. தீயைக் கூட்டி குமிழ் வர நாலு நிமிஷம் ஆச்சு, அதுக்கப்புறம் சின்னத் தீயில நாலு நிமிஷம். பெரிய துண்டு ஒண்ணுல குத்திப் பார்த்தேன், 69. அணைச்சு மூடி பத்து நிமிஷம், திரும்ப அதே அளவு மூணு துண்டுல குத்தினேன், 76, 77, 75. பதினாலு பேர் இலைக்கும் அந்தச் சூட்டோடயே போச்சு, ஒரு துண்டு கூட இலையில ஒதுக்கலை.

மெஸ் மாஸ்டர் | 4 ஆகஸ்ட், 11.20

சபாஷ் அக்கா. தொடைக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆனது மலையாலயா, பெரிய பாத்திரத்தாலயா? குமிழ் வந்த பிறகுதான் எண்ணினீங்கன்னா மலையாத்தான் இருக்கணும். ஆனா கோழியும் ஒவ்வொண்ணு ஒவ்வொரு மாதிரி, கொஞ்சம் முத்தினதுன்னா அதுவே மூணு நிமிஷம் இழுக்கும்.

மலைமிளகு | 5 ஆகஸ்ட், 5.40

மலைதான்னு நான் சொல்லுவேன். அடுத்த தடவை ஒரே கடையில வாங்கின தொடையை ரெண்டா பிரிச்சு, பாதி கீழ, பாதி மேல வெச்சுப் பார்க்கலாம்.

அஸ்தம்பட்டி அடுப்படி | 5 ஆகஸ்ட், காலை 7.30

பார்க்கலாம், நான் தயார். ஒண்ணே ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். அந்த ஒரு கிலோ நெஞ்சுல ஒரு பெரிய துண்டு மட்டும் பச்சையிலேயே கட்டை மாதிரி கெட்டியா, மேல வெள்ளை வெள்ளையா கோடு ஓடி இருந்துச்சு. அதைத் தனியா எடுத்து வெச்சு வேக வெச்சுப் பார்த்தேன், 75 டிகிரியிலயே கறுக்கு கறுக்குன்னு இருந்தது. அது என் நேரத் தப்பு இல்லையே?

மெஸ் மாஸ்டர் | 5 ஆகஸ்ட், மதியம் 3.45

இல்ல. வேகமா பெருத்த கோழியில அப்படி வரும், எப்படி வேக வெச்சாலும் அது மாறாது. எங்களுக்கு வந்தா கொத்துக்கறிக்குத் தள்ளிடுவோம். கடையில வாங்கும்போதே விரலால அழுத்திப் பாருங்க, அமுங்காத நெஞ்சை மாத்தித் தரச் சொல்லுங்க.